ரெப்போ வட்டி சறுக்குமரம் இல்லைங்க

வட்டி விகிதத்துக்குச் சாய்வுக்கோடு போடுகிறவர்களை வரிசையாக நிற்க வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. கேள்வி இதுதான்: 2021 மே 13 அன்று ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி எவ்வளவு?

பதில் 4.00 சதவீதம். 2020 மே 22 அன்று 4.40-லிருந்து 4.00 ஆகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு 2022 மே 4 வரை அதில் யாரும் கை வைக்கவில்லை. மொத்தம் 712 நாள், ஒரே எண். ஆனால் நம் வகுப்பு செமினாரில் திரையில் ஓடிய படமும், இணையத்தில் தேடினால் வந்து விழுகிற பாதிப் படங்களும் அன்றைக்கு 4.20 என்று காட்டுகின்றன. 4.20 என்ற ரெப்போ வட்டி அந்த 712 நாளில் ஒரு நொடிகூட இருந்ததில்லை. இல்லாத ஒன்றை எங்கிருந்து கொண்டு வந்தீர்கள் மக்களே?

எங்கிருந்து என்று எனக்குத் தெரியும். வட்டி மாறிய தேதிகளை மட்டும் எக்ஸெல்லில் வரிசையாக அடிப்பது, பக்கத்தில் புது வட்டி, அப்புறம் லைன் சார்ட் பொத்தானில் ஒரு அமுக்கு. அவ்வளவுதான். மென்பொருளுக்கு ரெப்போவும் தெரியாது, ரிசர்வ் வங்கியும் தெரியாது. ஒரு புள்ளியையும் அடுத்த புள்ளியையும் ஸ்கேல் வைத்து இணைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். (ரெப்போ என்றால் என்ன என்று கேட்கும் அறிவியல் பிரிவு நண்பர்களுக்கு: வங்கிகளுக்குக் குறுகிய காலத்துக்குப் பணம் தேவைப்பட்டால் ரிசர்வ் வங்கி எந்த வட்டியில் கொடுக்கிறதோ அது. உங்கள் வீட்டுக் கடன் வட்டி பெரும்பாலும் இதோடு கட்டப்பட்டிருக்கிறது.)

இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு போடுவது என்பது அலங்காரம் இல்லை, அது ஒரு வாக்குமூலம். "இடைப்பட்ட நாட்களில் மதிப்பு இடைப்பட்டதாகவே இருந்தது" என்று சொல்கிறோம். வெப்பநிலைக்கு அது நியாயம். காலை ஆறு மணிக்கு 24 டிகிரி, பகல் பன்னிரண்டுக்கு 34 என்றால் நடுவில் எப்போதோ 29-ஐத் தாண்டித்தான் ஆக வேண்டும். ரெப்போ அப்படி நகர்வதில்லை. ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு உட்கார்ந்து பேசி, ஓட்டுப் போட்டு, கவர்னர் வந்து அறிவிக்கிறார். அறிவித்தவுடன் அமல். அதுவரை பழைய எண், அதிலிருந்து புது எண். இரண்டுக்கும் நடுவில் பாலம் கிடையாது, படிக்கட்டுதான்.

சரி, ஒரு படம்தானே, இதற்கு இவ்வளவு பொங்க வேண்டுமா என்று கேட்பீர்கள். பொங்க வேண்டும். 2022 மே 4-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று குழுவின் வழக்கமான கூட்ட நாள் இல்லை. அடுத்த கூட்டம் ஜூனில்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, கவர்னர் சக்திகாந்த தாஸ் மதியம் திடீரென்று தோன்றி 4.00-ஐ 4.40 ஆக்கியதாக அறிவித்தார். சென்செக்ஸ் அன்று ஒரே நாளில் 1,300 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. சாய்வுக்கோட்டுப் படத்தை வைத்துக்கொண்டு இதை எப்படி விளக்குவீர்கள்? உங்கள் படத்தில் 2020 மே மாதத்திலிருந்தே வட்டி நைசாக ஏறிக்கொண்டுதானே இருக்கிறது? இரண்டு வருடமாக ஏறுகிற ஒன்று இன்னும் துளி ஏறியதற்கு ஏன் சந்தை அலற வேண்டும்? அன்றைய அதிர்ச்சி முழுவதையும் உங்கள் கோடு விழுங்கிவிட்டது. ஏறிய நாளையும் காணோம், ஏறாமல் இருந்த இரண்டு வருடத்தையும் காணோம்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் அடுத்த சமவெளி. 2022-ல் மே தொடங்கி வரிசையாக ஏற்றி, 2023 பிப்ரவரி 8 அன்று 6.50-க்குக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். முதல் குறைப்பு 2025 பிப்ரவரி 7 அன்று, 6.25. நடுவில் சரியாக 730 நாள். இந்த இரண்டு புள்ளிகளையும் ஸ்கேலால் இணைத்தால் கோடு இரண்டு வருடமாக இறங்குகிறது. நடுப்புள்ளி 2024 பிப்ரவரி 8. அங்கே கோடு காட்டுவது 6.375. வேடிக்கை என்னவென்றால், அதே 2024 பிப்ரவரி 8 அன்று குழு கூடி முடித்து "மாற்றமில்லை, 6.50 தான்" என்று அறிவித்தது! அறிவிப்பு வந்த அதே நாளில் படம் அதை மறுத்துப் பேசுகிறது. இதற்குப் பேர் தரவுக் காட்சிப்படுத்தலாம். என்னத்தச் சொல்ல...

இதில் நிஜமாகவே ஒருவர் மாட்டினார். என் பெரியப்பா. வீட்டுக் கடன், ரெப்போவோடு இணைத்தது. 2025 மார்ச்சில் கடனை வேறு இடத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று வந்த ஒரு முகவர், செல்போனில் இப்படி ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார். "பாருங்க சார், ரெண்டு வருஷமா வட்டி இறங்கிக்கிட்டே இருக்கு. உங்க பேங்க்ல உங்களுக்குக் குறைச்சாங்களா?" பெரியப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே கிளைக்குப் போய் மேனேஜரிடம் ஒரு மணி நேரம் சண்டை. 2024 முழுக்க எனக்கு ஏன் குறைக்கவில்லை என்று கேட்டால் அவர் என்ன சொல்வார், பாவம்? 2024 முழுக்க குறைக்க எதுவுமே இல்லை. இருந்தது 6.50, இருந்துகொண்டே இருந்தது. பெரியப்பா திரும்பி வந்து, "படத்துல போட்டிருக்கேடா" என்றார். இந்த இரண்டு வார்த்தைதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. எண்ணைச் சந்தேகப்படுகிற மனிதர்கள்கூட கோட்டைச் சந்தேகப்படுவதில்லை.

பணக் கணக்கிலேயே பார்ப்போம். வட்டி நாள் கணக்கில் ஏறுகிறது. ஆகவே இந்தப் படத்தில் கோட்டுக்குக் கீழே இருக்கிற பரப்புதான் நீங்கள் கட்டும் வட்டி. முப்பது லட்சம் கடன், கணக்கு எளிமையாக இருக்க அசல் குறையவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து 2025 பிப்ரவரி வரை உண்மையான வட்டி தட்டையாக ஓடியது. சாய்வுக்கோட்டின் சராசரி அதைவிட 0.125 சதவீதம் குறைவு. முப்பது லட்சத்தில் 0.125 சதவீதம் என்றால் வருடத்துக்கு 3,750 ரூபாய், இரண்டு வருடத்துக்கு 7,500. அதாவது பெரியப்பாவின் கையில் இருந்த படம், வங்கி அவரிடம் 7,500 ரூபாய் அதிகமாகப் பிடுங்கிவிட்டது என்று சொல்கிறது. முந்தைய 712 நாள் சமவெளிக்கு இதே கணக்கைப் போட்டால் தவறு எதிர்த் திசையில்: கோடு 0.20 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது, கிட்டத்தட்ட 11,700 ரூபாய். ஒரு முறை வங்கியைத் திருடன் ஆக்குகிறது, இன்னொரு முறை வள்ளல் ஆக்குகிறது. இரண்டும் பொய்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில், "போக்கைக் காட்டத்தானே கோடு?" என்பது. எந்தப் போக்கு? 2023-லிருந்து 2025 வரை போக்கு என்பது தட்டை. அந்தத் தட்டைதான் செய்தி. அத்தனை கூட்டங்களில் வரிசையாக "மாற்றமில்லை" என்று முடிவெடுத்ததும் முடிவுதான். சாய்வுக்கோடு அதை இறக்கம் என்று மொழிபெயர்க்கிறது.

இரண்டாவது பதில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. "நான் மாதக் கடைசித் தேதிகளை எல்லாம் நிரப்பிவிடுவேன், அப்போது தட்டை தட்டையாகவே வரும்." வரும்தான், ஒப்புக்கொள்கிறேன். தவறு இரண்டு வருடத்திலிருந்து ஒரு மாதத்துக்குச் சுருங்குகிறது. ஆனால் ஏப்ரல் 30-ல் 4.00, மே 31-ல் 4.40 என்று வைத்து இணைத்தால், மே மாதம் முழுக்க வட்டி மெல்ல மெல்ல ஏறியதாகத்தான் தெரியும். மே 4 என்ற தேதி படத்தில் எங்கும் இல்லை. எந்த நாளில் மாறியது என்பதே கேள்வியாக இருக்கும்போது, அந்த நாளை அழித்துவிட்டு அழகான கோடு எதற்கு?

மூன்றாவது வாதத்தை மட்டும் நான் மதிக்கிறேன். பொருளியல் பிரிவுத் தோழி ஒருத்தி சொன்னது: "2021 கடைசியில் சந்தை வட்டி ஏறத் தொடங்கிவிட்டது. உன் தட்டைப் படி அதை மறைக்கிறதே?" உண்மை. கொரோனா காலத்தில் வங்கிகளிடம் பணம் பெருகிக் கிடந்தது, ரெப்போவில் கடன் வாங்க ஆளில்லை. வங்கிகளுக்கு இடையிலான ஒருநாள் கடன் வட்டி ரெப்போவை விட்டுவிட்டு, அப்போது 3.35 ஆக இருந்த ரிவர்ஸ் ரெப்போ பக்கம் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. 2021 பிற்பாதியில் ரிசர்வ் வங்கி அந்த உபரிப் பணத்தை உறிஞ்ச ஆரம்பித்ததும் அது மேலே நகர்ந்தது. ஆனால் அதைக் காட்ட வேண்டுமானால் அந்த ஒருநாள் வட்டியையே தனிக் கோடாகப் போடுங்கள். அது தினமும் சந்தையில் உருவாகும் எண், அதற்குச் சாதாரணக் கோடு தாராளமாகப் பொருந்தும். படிக்கட்டும் கோடும் ஒரே படத்தில் இருந்தால் எது முடிவெடுத்து மாற்றப்பட்டது, எது தானாக நகர்ந்தது என்று பார்த்தவுடன் தெரியும். ரெப்போவையே சாய்த்துவிட்டு, "தற்செயலாகச் சந்தை வட்டியோடு ஒத்துப்போகிறது பார்" என்பது, நின்றுபோன கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு முறை சரி என்பது மாதிரி.

(இன்னும் சிலர் அந்த வளைவுக் கோடு வசதியையும் சேர்த்து அமுக்குகிறார்கள். அப்போது 2020 மே மாதத்துக்குப் பிறகு கோடு ஒரு குழியில் விழுந்து 4.00-க்கும் கீழே போய்விட்டு மேலே வரும். ரெப்போ 4.00-க்குக் கீழே போனதே இல்லை. இவர்களோடு நான் பேசுவதாக இல்லை.)

படிக்கட்டு வரைபடத்தில் செங்குத்துக் கோடும் பொய்தானே, அதுவும் 4.20-ஐத் தொடுகிறதே என்று கணிதப் பிரிவு கேட்கும். கேளுங்கள். அதற்கு அகலம் இல்லை, எந்த ஒரு நாளுக்கும் 4.20 என்று அது சொல்வதில்லை, பரப்பிலும் ஒரு பைசா சேர்க்காது. மனசு ஒப்பவில்லை என்றால் செங்குத்தை அழித்துவிட்டு, தொடக்கத்தில் நிறைந்த வட்டமும் முடிவில் வெற்று வட்டமும் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பெரியப்பாவுக்கு நான் செய்து கொடுத்தது இதுதான்: ரெப்போவின் படிக்கட்டு ஒன்று, அதன் மேலேயே அவருடைய சொந்தக் கடன் வட்டியின் படிக்கட்டு இன்னொன்று. கடன் கணக்கு அறிக்கையில் வட்டி மாறிய தேதிகள் இருக்கும், அவற்றை மட்டும் எடுத்தால் போதும். 2019 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை வெளி அளவுகோல் ஒன்றோடு வங்கிகள் இணைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது திருத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆகவே ரெப்போ இறங்கிய அன்றே உங்கள் வட்டி இறங்காமல் இருக்கலாம், ஆனால் ஒரு காலாண்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. இரண்டு படிக்கட்டையும் ஒன்றாக வைத்தால் ஒன்றின் செங்குத்துக்கும் மற்றதன் செங்குத்துக்கும் இடைப்பட்ட தூரம் பளிச்சென்று தெரிகிறது. அந்த இடைவெளிதான் தாமதம். கால் சதவீதக் குறைப்பு 60 நாள் தாமதமாக வந்தால் முப்பது லட்சத்துக்கு ஏறத்தாழ 1,233 ரூபாய்.

இப்போது கேட்க உருப்படியான கேள்வி கிடைக்கிறது. ஏற்றியபோது எத்தனை நாளில் ஏற்றினீர்கள், இறக்கியபோது எத்தனை நாளில் இறக்கினீர்கள்? படிகளுக்கு இடையே உள்ள உயரமும் மாறாமல் இருக்கிறதா? ரெப்போ 0.25 இறங்கி உங்கள் வட்டி அதைவிடக் குறைவாக இறங்கியிருந்தால் அதுவும் அங்கேயே தெரியும். இரண்டையும் சாய்வுக்கோடாகப் போட்டால் இரண்டு கோடுகள் சும்மா அருகருகே சறுக்கிக்கொண்டிருக்கும், ஒரு மண்ணும் புரியாது. வங்கியிடம் சண்டை போடுவதற்கும் சரியான படம் வேண்டும் நண்பர்களே.

வட்டி மட்டும் இல்லை, இறக்குமதி வரியும் இப்படித்தான். 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சேர்ந்து 50 ஆனது. சாய்வுக்கோடு போட்டால் ஆகஸ்ட் 17 அன்று 37.5. அப்படி ஒரு வரியை எந்தச் சுங்க அதிகாரியும் வசூலித்ததில்லை. இரண்டாவது 25-க்கான உத்தரவு வந்தது ஆகஸ்ட் 6. அமலுக்கு வந்தது 27. 27-ஆம் தேதி பிறப்பதற்குள் கப்பலில் ஏற்றப்பட்டு, செப்டம்பர் 17-க்கு முன்பு அங்கே சுங்கத்தைக் கடந்த சரக்குக்கு அந்த இரண்டாவது 25 கிடையாது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரருக்குக் கப்பல் ஒரு நாள் தள்ளிப் புறப்பட்டால் 25 சதவீதம் போச்சு. அவரிடம் போய் "வரி படிப்படியாக உயர்ந்த போக்கு" என்று ஒரு சாய்வுக்கோட்டைக் காட்டிப் பாருங்கள். இங்கே கவனிக்க வேண்டியது: செங்குத்தை அமல் தேதியில் நிறுத்த வேண்டும், அறிவிப்புத் தேதியில் இல்லை. ரெப்போவில் இரண்டும் ஒரே நாள் என்பதால் இந்தத் தொல்லை தெரிவதில்லை.

சரி, எப்படிப் போடுவது? எக்ஸெல்லில் இதற்கென்று தனிப் பொத்தான் கிடையாது. ஒவ்வொரு மாற்றத் தேதியையும் இரண்டு வரியாக அடிக்க வேண்டும், முதலில் பழைய வட்டியோடு, அப்புறம் புதிய வட்டியோடு:

```
22-05-2020   4.00
04-05-2022   4.00
04-05-2022   4.40
08-06-2022   4.40
08-06-2022   4.90
```

இதை எக்ஸ்-ஒய் ஸ்கேட்டர் வகையில், நேர்கோட்டு இணைப்போடு போட்டால் படிக்கட்டு வந்துவிடும். சாதாரண லைன் சார்ட்டில் தேதிகளை வெறும் எழுத்தாக அது எடுத்துக்கொண்டால் 35 நாளும் 712 நாளும் ஒரே அகலத்தில் நிற்கும், ஜாக்கிரதை. லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அதில் கோட்டு வகையிலேயே படிக்கட்டு இருக்கிறது.

பைத்தான் பழகியவர்களுக்கு இன்னும் சுலபம், ஆனால் அங்கே ஒரு கண்ணிவெடி புதைத்திருக்கிறார்கள்:

```python
from datetime import date
import matplotlib.pyplot as plt
d = [date(2020,3,27), date(2020,5,22),
     date(2022,5,4), date(2022,6,8)]
r = [4.40, 4.00, 4.40, 4.90]
plt.step(d, r, where='post')
plt.show()
```

அந்த `where='post'` என்பதை விட்டுவிட்டால் மேட்பிளாட்லிப் தானாக `pre` என்று எடுத்துக்கொள்ளும். அப்போது ஒவ்வொரு வட்டியும் அதன் தேதிக்கு முன்னால் நீளும். 2022 மே 4-ல் வந்த 4.40, 2020 மே 22-லிருந்தே அமலில் இருந்ததாகப் படம் காட்டும். 4.00 என்பது 2020 மார்ச் 27-லிருந்து மே 22 வரை வெறும் எட்டு வாரம் வந்துவிட்டுப் போனதாக இருக்கும். சாய்வுக்கோட்டையாவது பார்த்தவுடன் சந்தேகப்படலாம். இது பார்க்க ஒழுங்கான படிக்கட்டு மாதிரியே இருக்கும், எல்லாப் படியும் ஒரு இடம் தள்ளி. கண்டுபிடிக்க ஒரே வழி, உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு நாளை எடுத்துப் படத்தில் விரலை வைத்துப் பார்ப்பது. 2021 பொங்கல் அன்று 4.00 வருகிறதா? வந்தால் சரி.

இன்னொன்று, கடைசிப் படி. `post` போட்டால் கடைசிப் புள்ளிக்கு அகலம் இருக்காது. மேலே உள்ள நிரலில் 4.90 ஒரு செங்குத்தின் நுனியாக மட்டும் தொங்கும், அந்த வட்டி ஒரு நாள்கூட ஓடாத மாதிரி. பட்டியலின் முடிவில் இன்னொரு தேதியைச் சேர்த்து, அதே 4.90-ஐ எதிரில் மறுபடி எழுத வேண்டும். அந்தத் தேதி 2022 ஆகஸ்ட் 5-ஐத் தாண்டக் கூடாது, அன்று அது 5.40 ஆகிவிட்டது.